ஃபேக்ஸில் மட்டும்

அவள் பொய்ப்பற்கள் செய்பவள். பல் மருத்துவமனைகளிலிருந்து வரும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்கு மெழுகில் பல் செதுக்கி, பிறகு அதையே கெட்டியாக வார்த்துக் கொடுப்பாள். பட்டறை ஒரு கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்தது. ஒரு மேசை, ஒரு விளக்கு, தூசியை உறிஞ்சும் ஒரு குழாய். முதலாளி வேறு ஊரில் இன்னொரு பட்டறையைப் பார்த்துக்கொண்டு போனிலேயே காலம் தள்ளினார். அவளை நேரில் பார்ப்பவன் பெட்டிகளை எடுத்துப்போக வரும் டெலிவரிக்காரன் ஒருவன்தான். அவன் வைத்த பெயர் பல்லக்கா. ஐம்பது வயதில் தனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தானே.

மழைக்காலம் முடியும் நேரத்தில் அவளுடைய இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விரல் நுனிகள். பிறகு ஒருநாள் மெழுகுக் கத்தி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையில் கத்தி இல்லை என்பதே தெரிந்தது. நரம்பு மருத்துவர் அவள் விரல்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஊசியால் தொட்டார். கழுத்துக்கும் தலைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் மையத்தில் ஒரு பெண் கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். இதயத்தில் கருவி இருக்கிறதா, காதில் கருவி இருக்கிறதா, உடம்புக்குள் எங்காவது உலோகம் இருக்கிறதா.

"தலைக்குள்ள ஒரு கிளிப் இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு ஆபரேஷன் பண்ணி வெச்சாங்க."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. "என்ன கம்பெனி, என்ன மாடல்னு கார்டு கொடுத்திருப்பாங்களே?"

"கொடுத்தாங்க. இப்ப இல்ல."

"அப்ப ஸ்கேன் எடுக்க முடியாதுங்க. உள்ள இருக்கறது பெரிய காந்தம். பழைய கிளிப்புல சிலது காந்தத்துக்கு இழுபடும். தலைக்குள்ள அது அசைஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல."

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா தெரியாதா?"

"கிளிப் இருக்குன்னு தெரியும். எதுல செஞ்சதுன்னு தெரியாது."

அது அவளுக்குப் புரிந்தது. பல்லுக்கான கம்பிச் சட்டங்களைத் தினமும் கையாள்கிறவள் அவள். மெருகேற்றி முடித்துவிட்டால் எந்த உலோகமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆபரேஷன் செய்த மருத்துவமனையிலிருந்து அறுவைக்குறிப்பு எழுத்துமூலம் வர வேண்டும் என்றாள் ஸ்கேன் மையத்துப் பெண்.

அந்த மருத்துவமனை தூரத்தில் வேறொரு நகரத்தில் இருந்தது. கல்யாண வாழ்க்கையும் அந்த நகரத்தில்தான் இருந்தது. விவாகரத்து ஆனதும் ஒரே பெட்டியோடு கிளம்பி வந்தவள், எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று கணக்குப் பார்க்கவில்லை. கிளிப் கார்டு விட்டதில் சேர்ந்துவிட்டது.

மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் பழைய ஆவணப் பிரிவுக்கு இரண்டு எண்கள் போட்டிருந்தார்கள். முதல் எண்ணை அழுத்தினாள். மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை, காதைக் கிழிப்பதுபோல ஒரு கீச்சொலி எழுந்தது. போனைக் காதிலிருந்து விலக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஃபேக்ஸ்' என்று இருந்தது. அடுத்த எண்ணில் ஒரு பெண் குரல் எடுத்தது.

"ரெக்கார்ட் ரூம்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டது. "விண்ணப்பத்தை எங்க பக்கத்துல இருந்து இறக்கிக்குங்க மேடம். நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோட ஃபேக்ஸ் பண்ணுங்க."

"மெயில்ல அனுப்பட்டுமா?"

"ஃபேக்ஸ்ல மட்டும்தான் எடுப்போம்."

"இப்பப் போய் ஃபேக்ஸா?"

"என்னைக் கேட்டா நானும் அதையேதான் சொல்வேன். கையெழுத்திட்டு ஃபேக்ஸ் மூலம்னு எங்க விதியில எழுதியிருக்கு. அதை மாத்தணும்னா ஒரு கமிட்டி கூடணும். கமிட்டி கூடினா கேன்டீனைப் பத்திப் பேசியே கலைஞ்சிடறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியாகப் போனில் எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

விண்ணப்பத்தைப் பட்டறையிலேயே அச்செடுத்தாள். சிகிச்சை எடுத்தபோது இருந்த பெயரை எழுதச் சொன்னது முதல் கட்டம். கணவன் வீட்டுப் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும். எத்தனையோ காலமாக எழுதாத பெயர். எழுதியபோது அது வேறு யாரோ ஒருத்தியின் பெயராகவே தெரிந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட, நீதிமன்ற உத்தரவின் ஒரு பக்கத்தையும் இணைக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு சொன்னது. எல்லாம் முடிந்து கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. 'விண்ணப்பதாரர் கையெழுத்திடுவதை நேரில் கண்ட சாட்சி. உறவினர் அல்லாதவர். கையெழுத்து, தொலைபேசி எண்.'

ஆபரேஷன் சமயத்தில் எல்லாத் தாளிலும் கணவனே கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்துவிட்டு, கை வலிக்கிறது என்று அலுத்துக்கொண்டான். அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படி அலுத்துக்கொள்ளவாவது யாராவது வேண்டியிருந்தது.

டெலிவரிக்காரனைக் கேட்கலாம் என்று பார்த்தால் அவன் ஊருக்குப் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். முதலாளி வெளியூரில். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். காய்கறி வாங்கும் கடைக்காரருக்கு அவளைத் தெரியும், பெயர் தெரியாது. மருந்துக் கடையில் பெயர் தெரியும், அதுவும் கம்ப்யூட்டருக்கு. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்ததற்கு, நேரில் பார்த்தோம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

எதிர் வீட்டில் ஒரு பஸ் டிரைவர் குடியிருந்தார். இரவு வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுத்தால் மதியம் கடந்துதான் எழுந்திருப்பார். எதிரெதிர் கதவு என்றாலும் மின்சாரம் போகிற நாளில் 'உங்க வீட்லயும் இல்லையா' என்று கேட்டுக்கொள்வதோடு சரி. மறுநாள் சாயங்காலம் அவர் கதவைத் தட்டினாள். பனியனோடு வந்தவர் அவளைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு கையெழுத்து வேணும்ங்க. கடன் கிடன் ஒண்ணும் இல்ல."

"உள்ள வாங்க."

சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதை அவளுக்குத் தள்ளிவிட்டு அவர் நின்றுகொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்க அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் முழுவதையும் படித்தார், உதட்டை அசைத்து, ஒரு வரி விடாமல்.

"தலைல கிளிப்பா?"

"ஆமா."

"வலிக்குமா?"

"வலிக்காது. இருக்கறதே தெரியாது. இப்பதான் தெரியுது."

அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வளைவே இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல. "எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வந்தப்ப டெப்போ வாட்ச்மேனைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கினேன்" என்றார். என்ன ஒன்று என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கையெழுத்துச் சிக்கல் தீர்ந்ததும் ஃபேக்ஸ் சிக்கல் ஆரம்பித்தது. பட்டறையில் இருந்த பிரிண்டரில் ஃபேக்ஸ் என்று ஒரு பட்டன் உண்டு. முதலாளியைக் கேட்டதில், பழைய டெலிபோன் லைனை எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது, இப்போது இருப்பது இன்டர்நெட் பெட்டியிலிருந்து வரும் போன் என்றார். இருக்கட்டும் என்று அந்தப் பெட்டிக்கே ஒரு வயரை இழுத்துச் சொருகிப் பார்த்தாள். டயல் ஆனது. அந்தப் பக்கம் கீச்சொலி எழுந்தது, இந்தப் பக்கமும் எழுந்தது, முதல் தாள் பாதிவரை உள்ளே போயிற்று. அங்கேயே நின்று 'தொடர்புப் பிழை' என்று திரையில் வந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே பாதியில் நின்றது.

ரெக்கார்ட் ரூமுக்குப் போன் போட்டாள். குரல் அவளை அடையாளம் கண்டுகொண்டது.

"தலைக் கிளிப் மேடம்தானே? நெட்டு வழியா வர்ற போன்ல அப்படித்தான் ஆகும். பேச்சுன்னா நடுவுல ஒரு துளி விட்டுப்போனாலும் காது சமாளிச்சுக்கும். ஃபேக்ஸ் சமாளிக்காது, அறுந்துடும். வேகத்தைக் குறைச்சு வெச்சா சிலசமயம் போகும். இல்லாட்டி ஃபேக்ஸ் அனுப்பற வெப்சைட்டு இருக்கு. நீங்க ஃபைலை ஏத்தினா அவங்க எங்க மெஷினுக்கு அனுப்பிடுவாங்க. அதுல வந்தாலும் எங்களுக்கு ஃபேக்ஸ்தான்."

அப்படி ஒரு தளத்தைத் திறந்தும் பார்த்தாள். அடையாள அட்டையை ஏற்றச் சொன்னது. விவாகரத்து உத்தரவையும் அதே இடத்தில் ஏற்ற வேண்டும். எந்த நாட்டில் யார் வைத்திருக்கும் கம்ப்யூட்டரோ. மூடிவிட்டாள்.

வேகத்தைக் குறைக்கும் வழி பிரிண்டரில் எங்கே ஒளிந்திருந்ததோ, கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் கேட்டாள், மெஷினை எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் இருக்கும், வக்கீல்கள் இன்னும் அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார்கள்.

அது ஒடுங்கலான கடை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா உள்ளே இருந்தார். தாள்களை வாங்கிப் புரட்டினார்.

"மேல ஒரு தாள் வேணும்மா. யாருக்கு, யார் அனுப்பறது, உங்க போன் நம்பர், மொத்தம் எத்தனை பக்கம். நடுவுல ஒண்ணு விழுந்துட்டா அவங்களுக்குத் தெரியணும்ல."

அவள் முகப்புத் தாளை எழுதிக் கொடுத்தாள். கடைக்காரம்மா நான்கு தாளையும் ஒன்றாகத் தட்டி மெஷினில் செருகினார். ஊர் எண்ணோடு சேர்த்து எண்ணை அழுத்திவிட்டு, அவளைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். தாள்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வந்தன. கடைசியில் ஒரு துண்டுத் தாள் வந்தது. எண், நேரம், நான்கு பக்கம், 'ஓகே'. அதை அவள் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைத்தாள்.

காலையில் வந்து சேர்ந்ததா என்று கேட்க அழைத்தாள்.

"உங்க பேர்ல ஒண்ணும் வரலையே மேடம்."

"ஓகேன்னு அடிச்சு வந்திருக்கே. நாலு பக்கம்."

"நாலு பக்கமா? இருங்க." தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. "நேத்து சாயங்காலம் நாலு வெள்ளைத் தாள் வந்துச்சு. உச்சில அனுப்பின நம்பர் மட்டும் இருக்கு. வேற ஒரு எழுத்து இல்ல. தூக்கிப் போட மனசு வரல, தனியா எடுத்து வெச்சேன்."

அவள் எண்ணைப் படிக்கச் சொன்னாள். கோர்ட்டுக் கடை எண்தான்.

"அது நான்தாங்க" என்றாள். இத்தனை பேரைத் தேடி, இத்தனை இடம் அலைந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தது நாலு வெள்ளைத் தாள்.

அந்தப் பக்கத்துக் குரல் தணிந்து பேசியது. "திருப்பிப் போட்டிருப்பாங்க. அவ்வளவுதான். இது அடிக்கடி நடக்கறது. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அவள் திரும்பவும் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "பழைய மெஷினுக்குக் கவுத்துப் போடணும். இது மல்லாத்திப் போடணும். கை பழைய பழக்கத்துல போயிடுச்சு." அந்த ஓகே சீட்டைக் காட்டியதும், "ஓகேன்னா தாள் போச்சுன்னு அர்த்தம். எழுத்து போச்சான்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். சொல்லிவிட்டு, மெஷின் மேல் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து மறுபடி அனுப்பினார். இந்தமுறை அவள் கடையிலிருந்தே ரெக்கார்ட் ரூமை அழைத்தாள்.

"வந்துடுச்சு. விண்ணப்பம் தெளிவா இருக்கு. கோர்ட்டு உத்தரவும் சரி. அடையாள அட்டைதான்... உங்க முகம் முழுக்கக் கறுப்பா வந்திருக்கு மேடம். மூக்கு எது, கண்ணு எதுன்னே தெரியல. இதை நான் ஏத்துக்க முடியாது."

"அப்ப என்ன பண்றது?"

"அட்டையைப் பெருசாக்கி, வெளிச்சமா ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் மெஷின்ல தரத்தை ஃபைன் இல்லன்னா போட்டோன்னு வெச்சு அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புங்க. மெதுவாப் போகும், போகட்டும். நான் லைன்லயே இருக்கேன். இங்க போன் வேற, மெஷின் வேற."

அப்படியே செய்தார்கள். ஒரு பக்கம் போவதற்கு அத்தனை நேரமா என்று தோன்றும்படி மெஷின் இழுத்துக்கொண்டே இருந்தது. இருவரும் சும்மா காத்திருப்பது சங்கடமாக இருந்ததோ என்னவோ, அந்தக் குரல் கேட்டது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பல்லு செய்யறேன். பொய்ப்பல்."

"அடேயப்பா. எத்தனை பேர் சிரிக்கறாங்க உங்களால."

"நான் ஒருத்தரையும் பாத்ததில்ல. பெட்டில வரும், பெட்டில போகும்."

"எனக்கும் அதே கதைதான். ஃபைலாத்தான் எல்லாரும் வருவாங்க. முன்ன இந்த ரூம்ல மூணு பேர் இருந்தோம். ரெண்டு பேரை மாத்திட்டாங்க. அடித்தளம், ஜன்னல் கிடையாது. மழை பேஞ்சாகூட யாராவது நனைஞ்ச குடையோட வந்தாதான் தெரியும்." சற்று நிறுத்தி, "ஆ, வருது. நெத்தி வந்துடுச்சு. கண்ணு. ம், இப்பத் தெரியுது. நீங்கதான் அது" என்றது.

கடைக்காரம்மா எதிரே நின்றிருந்தார். அதனால் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆமா, நான்தான்" என்றாள்.

பழைய ஃபைல் கிடங்கிலிருந்து வரச் சில நாள் ஆயிற்று. மாடிப்படியில் எதிர்ப்பட்ட டிரைவர், "அது போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார். சேர்ந்துவிட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்றாள். "சரி, சரி" என்று இறங்கிப் போனார். வேலைக்கு நேரமாகியிருக்கும்.

பட்டறையில் இடது கை ஒத்துழைக்க மறுத்தது. எளிய வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். போன் அடித்தால் மெழுகை அப்படியே வைத்துவிட்டு எடுத்தாள். பெரும்பாலும் விளம்பர அழைப்புகளாக இருந்தன. ஒரு மதியம் ரெக்கார்ட் ரூம் குரல் வந்தது.

"பல்லுக்கார அக்காவா? ஃபைல் கிடைச்சுடுச்சு. ஆபரேஷன் குறிப்புல கிளிப்போட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. கம்பெனி, மாடல், வரிசை எண் எல்லாம் இருக்கு. ஆனா எழுத்து எறும்பு மாதிரி. அப்படியே அனுப்பினா அங்க கரும்புள்ளியாத்தான் போகும். அந்த ஸ்டிக்கரை மட்டும் பெருசாக்கித் தனிப் பக்கமா, ஃபைன்ல அனுப்பறேன். உங்க விண்ணப்பத்துல இருக்கற ஸ்கேன் மையத்து நம்பருக்குத்தானே?"

"அதேதான்."

"அந்த நம்பர் இன்னும் வேலை செய்யுதான்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க. ஆள் மாறின மெஷினுக்குப் போனா உங்க தலை விஷயம் ஊருக்கே தெரிஞ்சிடும்."

அவள் ஸ்கேன் மையத்தைக் கேட்டுச் சொன்னாள். அன்று சாயங்காலமே அங்கிருந்து தகவல் வந்தது. கிளிப் டைட்டானியத்தில் செய்தது. அந்த மாடலை அவர்களுடைய காந்தத்தில் வைத்து எடுக்கலாம் என்று கம்பெனி குறிப்பும் இருந்தது. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஸ்கேன் அன்று கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கடிகாரத்தையும் கம்மலையும் கழற்றி, பூட்டும் சின்ன அலமாரி ஒன்றில் வைக்கச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். குழாய்க்குள் படுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டாள். இடி இடிப்பதுபோலச் சத்தம். மண்டைக்குள் அந்தச் சின்ன உலோகம் அசையவில்லை. அசைந்தால் தெரியுமா என்றும் தெரியவில்லை. ஆனால் முன்பின் பார்க்காத ஒருத்தி அதன் வரிசை எண்ணைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. மூச்சு கொஞ்சம் சீரானது.

தலையில் ஒன்றும் இல்லை. கழுத்தெலும்பு ஒன்று நரம்பை அழுத்துகிறது என்றார் மருத்துவர். பல வருஷம் மேசைமேல் குனிந்தே இருந்ததன் பலன். பயிற்சியும் மருந்தும் கொடுத்தால் கை பெரும்பாலும் திரும்பிவிடும், ஆபரேஷன் தேவைப்படாது. அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, மருத்துவமனை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல செய்தி. யாருக்காவது சொல்லியாக வேண்டும்.

ரெக்கார்ட் ரூமை அழைத்தாள்.

"ஸ்கேன் எடுத்தாச்சு. பயப்பட ஒண்ணும் இல்லையாம். அதான் சொல்லலாம்னு."

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றது அந்தக் குரல். "ஃபைல் போனப்புறம் யாரும் எங்களுக்குச் சொல்றதில்ல. என்ன ஆச்சுன்னு தெரியாமலே இருக்கும்."

"உங்களாலதான்."

"ஐயோ, நான் என்ன பண்ணேன். இருந்ததை எடுத்து அனுப்பினேன்."

இன்னும் ஏதாவது பேச வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அங்கே மழையா என்று கேட்க நினைத்தாள். ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவளை அதைக் கேட்பதா என்று விட்டுவிட்டாள். அந்தக் குரலும் ஏதோ யோசிப்பதுபோலத் தயங்கியது.

"வேற எதுவும் ரெக்கார்ட் வேணுமாக்கா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

"சரி."

யாரும் போனை வைக்கவில்லை. அப்போது அங்கே பின்னால் எங்கோ மெஷினில் மணி அடித்தது. அதைத் தொடர்ந்து கீச்சொலி எழுந்தது.

"ஒண்ணு வருதுக்கா. பாக்கணும்."

"பாருங்க. நான் வெச்சிடறேன்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பட்டறையில் யாருக்கோ மேல்வரிசை முன்பற்கள் பாதியில் நின்றிருந்தன. ஓரத்துப் பல் ஒன்றைக் கொஞ்சம் கோணலாக வைத்தால்தான் அது நிஜப் பல் மாதிரி இருக்கும் என்று போகும்போதே யோசித்துக்கொண்டாள்.